ஒரே குர்தி, மூன்று லாபம்

ஒரு குர்தியின் அடக்கவிலை 400 ரூபாய். வரி நீங்கலாக விலை 1,000 என்று வைத்துக்கொள்வோம். சொந்தக் கடையில் விற்றால் மொத்த லாபம் 600, அதாவது 60 சதவீதம்.

ஆன்லைனில் கூப்பன் போக 900 ரூபாய்தான் வரும். பத்து அனுப்பி இரண்டு திரும்பி வருகின்றன. அதில் ஒன்று மஞ்சள் கறையோடு, இனி விற்க முடியாதபடி. எட்டுக்கு வரவு 7,200. கறைபட்டதையும் சேர்த்து ஒன்பதின் அடக்கம் 3,600. லாபம் 50 சதவீதம். ரிட்டர்னைக் கழிக்காமல் பார்த்தால் 55க்கு மேல் காட்டும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

கண்காட்சியில் கடைசி நாள் தள்ளுபடியெல்லாம் சேர்த்துச் சராசரி விலை 800. அங்கும் 50 சதவீதம்தான். அப்படியானால் இரண்டும் ஒன்றா? இல்லை. ஸ்டால் வாடகை 20,000 என்றால் முதல் 50 குர்திகளின் லாபம் அதற்கே போய்விடும்.

கூரியரையும் கமிஷனையும் ஆன்லைன் கணக்கில் கழித்துவிட்டு, கடை வாடகையையும் ஸ்டால் வாடகையையும் தொடாமல் விடுவது சிலர் வழக்கம். கடை அமோகமாகத் தெரியும்! விற்பனைச் செலவுகள் எல்லாவற்றையும் மொத்த லாபத்துக்குக் கீழே, மூன்றுக்கும் ஒரே வரிசையில் எழுதினால்தான் ஒப்பீடு செல்லும்.