டூட்டி சார்ட்டில் தெரியும் கோஷ்டி

ஒரு தனியார் மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சை வார்டை எடுத்துக்கொள்வோம். 24 படுக்கைகள், 14 செவிலியர்கள், அவர்களுக்கு மேல் ஓர் இன்சார்ஜ் சிஸ்டர். செவிலியர்களில் ஐந்து பேர் ஒரே நர்சிங் கல்லூரியில் படித்து, ஒரே ஹாஸ்டலில் தங்கி, ஒன்றாகவே வேலைக்குச் சேர்ந்தவர்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒரே மேஜையில்தான் உட்காருவார்கள். ஒருத்தி வீட்டு விசேஷம் என்றால் மற்ற நால்வரும் பஸ் ஏறிவிடுவார்கள்.

கொஞ்ச நாளாக வார்டில் முணுமுணுப்பு. “அந்த அஞ்சு பேருக்கு மட்டும் நைட் டூட்டியே வராது”, “இன்சார்ஜ் அக்காவைக் கையில போட்டுக்கிட்டாங்க” என்கிறார்கள் மற்றவர்கள். இதோடு இன்னொரு பேச்சும் சேர்ந்துகொண்டது. இந்த வார்டை இரண்டாம் மாடி வார்டோடு சேர்க்கப் போகிறார்களாம், நான்கு பேரை வேறு கிளைக்கு மாற்றப் போகிறார்களாம்.

இந்த நிலையில் பெரும்பாலான நிர்வாகங்கள் செய்வது ஒன்றுதான். ஐந்து பேரையும் ஆளுக்கொரு ஷிப்டில் போட்டுப் பிரிப்பது, வாட்ஸப் குழுவைக் கலைக்கச் சொல்வது, எல்லோரையும் நிற்கவைத்து “இனி யாரும் யாரைப் பற்றியும் பேசக்கூடாது” என்று எச்சரிப்பது. அதன்பின் வார்டு இன்னும் மோசமாகிறது. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் சொல்லாமலே வந்து நின்ற தோழி இப்போது வேறு ஷிப்டில் இருக்கிறார். இன்சார்ஜின் காதுக்கு எட்டிக்கொண்டிருந்த பேச்சு எட்டாத இடத்துக்கு நகர்கிறது. முணுமுணுப்பை உண்டாக்கிய காரணமோ அப்படியே இருக்கிறது.

ஹாதார்ன் ஆலையில் கண்டது

அமெரிக்காவில் சிகாகோவுக்கு அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலை இருந்தது. அங்கே 1931 நவம்பர் முதல் 1932 மே வரை, தொலைபேசி இணைப்பகங்களுக்கான கருவிகளில் கம்பி இணைக்கும் 14 தொழிலாளர்களைத் தனி அறையில் வைத்து, அவர்கள் எப்படிப் பழகுகிறார்கள் என்று உன்னிப்பாகக் கவனித்தார்கள். அந்தச் சிறிய அறைக்குள்ளும் இரண்டு கோஷ்டிகள் இருந்தன. ஒன்று அறையின் முன்பக்கம், இன்னொன்று பின்பக்கம். இரண்டிலும் சேராதவர்களும் சிலர் இருந்தார்கள்.

அந்தத் தொழிலாளர்கள் விதியை மீறி வேலையை மாற்றிக்கொண்டார்கள், ஒருவர் பின்தங்கினால் இன்னொருவர் கைகொடுத்தார். அதே சமயம், அளவுக்கு மேல் வேலை செய்து மற்றவர்களைச் சிறுமைப்படுத்தக்கூடாது, மேலாளரிடம் கூட்டாளியைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று எழுதாத சட்டங்களும் வைத்திருந்தார்கள். உற்பத்தி கூடினால் கூலி விகிதத்தைக் குறைத்துவிடுவார்கள் என்ற பயம் அவர்களிடம் இருந்தது. நிர்வாகத்தை நம்ப முடியாத இடத்தில் மனிதர்கள் ஒருவரையொருவர் நம்பி ஒதுங்குகிறார்கள். உதவியும் அடைப்பும் ஒரே உறவிலிருந்துதான் வருகின்றன. உறவை வெட்டினால் இரண்டும் சேர்ந்தே போய்விடும். உதவியை விட்டுவைத்து அடைப்பை மட்டும் நீக்க வேண்டுமானால், அடைப்பு எந்த இடத்தில் விழுகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

எண்ணிப் பார்த்தால் தெரியும்

யார் யாரோடு சாப்பிடுகிறார்கள் என்பது இன்சார்ஜின் வேலையில் வராது. வேலை எப்படிப் பங்காகிறது, தகவல் யாருக்கு முதலில் போகிறது, யாராவது காயப்படுகிறார்களா என்பவைதான் அவர் பொறுப்பு. நம் வார்டில் முதல் இரண்டுக்கும் விடை டூட்டி சார்ட்டிலேயே இருக்கிறது.

இன்சார்ஜ் மூன்று மாத சார்ட்டையும் வருகைப் பதிவேட்டையும் எடுத்து வைத்துக்கொள்கிறார். இரவு 8 முதல் காலை 8 வரை இரண்டு பேர் வேண்டும். 90 இரவுக்கு 180 முறை. 14 பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்குச் சுமார் 13. எண்ணிப் பார்க்கிறார். அந்த ஐவரும் 12, 13 என்றுதான் செய்திருக்கிறார்கள். “அவங்களுக்கு நைட்டே வராது” என்பது உண்மையில்லை.

இங்கே கணக்கை மூடிவிட்டு “வீண்பேச்சு” என்று முடிவுகட்டிவிடக்கூடாது. பேச்சில் சொன்ன விஷயம் தப்பாக இருந்தாலும், அதைப் பேசவைத்த மனக்குறை உண்மையாக இருக்கலாம். அவர் அடுத்து எந்த இரவுகள் என்று பார்க்கிறார். சனி, ஞாயிறு இரவுகளை மட்டும் பிரித்து எண்ணுகிறார். 13 வாரத்தில் அவை 52 முறை. ஐவருக்கு நியாயமாக 18 அல்லது 19 வர வேண்டும். வந்தது 7. மீதி 45 முறையை மற்ற ஒன்பது பேர் செய்திருக்கிறார்கள், ஆளுக்கு ஐந்து. குழந்தையை விடுமுறை நாளில் மட்டும் பார்க்க முடிகிற ஒரு தாய்க்கு இந்த வித்தியாசம் சிறியதல்ல.

இது எப்படி நேர்ந்தது? வியாழக்கிழமை சார்ட் போடும்போது எழுத உதவுவது அந்த ஐவரில் ஒருவர். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எப்போதோ கூப்பிட்டது பழக்கமாகிவிட்டது. தோழிகளில் யார் எந்த வாரம் ஊருக்குப் போகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். “அக்கா, அவளுக்கு சனிக்கிழமை வேண்டாமே” என்பார். இன்சார்ஜும் சரி என்பார். இப்படிக் கேட்க முடியும் என்பதே மற்ற ஒன்பது பேருக்குத் தெரியாது. சார்ட் சுவரில் ஒட்டிய பிறகுதான் அவர்கள் பார்க்கிறார்கள். சதி எதுவும் நடக்கவில்லை. நட்பின் வழியாகத் தகவல் போனது, தகவலின் வழியாகச் சலுகை போனது.

வழியைத் திறந்தால் போதும்

காரணம் தெரிந்துவிட்டதால் திருத்தமும் சுலபமாகிறது. செவிலியர் அறையில் ஒரு நோட்டு வைக்கப்படுகிறது. யாருக்கு எந்த நாள் வேண்டும், வேண்டாம் என்பதைப் புதன் மாலைக்குள் அதில் எழுதலாம். சனி, ஞாயிறு இரவுகளுக்குத் தனிச் சுற்றுப் பட்டியல் போட்டு, யார் முறை எங்கே நிற்கிறது என்பது எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்படுகிறது. சார்ட் எழுத உதவும் வேலை மாதம் ஒருவருக்கு மாறுகிறது. சார்ட் வந்தபின் இருவர் டூட்டியை மாற்றிக்கொள்வதானால் அதே நோட்டில் இருவரும் கையெழுத்திட வேண்டும்.

ஐந்து பேரும் முன்போலவே ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். அவர்கள் தங்களுக்குள் டூட்டி மாற்றிக்கொள்வதற்கும் தடையில்லை. சார்ட்டைப் பற்றி அறிவிக்கும்போது இன்சார்ஜ் அவர்கள் பெயரை எடுப்பதுமில்லை. “இதுவரை கேட்டவர்களுக்குக் கொடுத்தேன், எல்லோரையும் கேட்கவில்லை. இனி எல்லோரும் நோட்டில் எழுதுங்கள்” என்று பொறுப்பைத் தன்மேல் வைத்துச் சொன்னால், யாரும் தலைகுனிய வேண்டியதில்லை.

இன்சார்ஜே அந்த நட்பு வட்டத்தில் ஒருவராக இருந்தால் இந்த எண்ணிக்கையை அவர் செய்யக்கூடாது. நர்சிங் சூப்பரின்டென்டென்டோ வேறு வார்டு இன்சார்ஜோ செய்தால்தான் மற்றவர்கள் நம்புவார்கள்.

வதந்திக்குத் தேதி சொல்லுங்கள்

இனி இடமாற்றப் பேச்சு. கார்டன் ஆல்போர்ட், லியோ போஸ்ட்மன் என்ற உளவியலாளர்கள் 1947-இல் வதந்தி பற்றி எழுதிய நூலில் ஒரு விதி சொன்னார்கள். விஷயம் எவ்வளவு முக்கியமோ, எவ்வளவு தெளிவில்லாததோ, அந்த இரண்டின் பெருக்கல்தான் வதந்தியின் வேகம். பெருக்கல் என்பதால், ஒன்று பூஜ்யமானால் வதந்தியும் நின்றுவிடும். வேலை போகுமா என்பதை யாருக்கும் முக்கியமில்லாததாக ஆக்க முடியாது. தெளிவின்மையைத்தான் குறைக்க முடியும்.

இன்சார்ஜ் சூப்பரின்டென்டென்டிடம் நேரே போய்க் கேட்கிறார். மாடியில் பழுதுபார்ப்பு நடப்பதால் வார்டுகளைச் சேர்க்கும் யோசனை உண்டு, ஆட்களை மாற்றுவது முடிவாகவில்லை, 20-ஆம் தேதி கூட்டத்தில் பேசுவார்கள் என்று பதில் வருகிறது. அதை அவர் மூன்று வாக்கியமாக எழுதிக்கொள்கிறார். தெரிந்தது இது, முடிவாகாதது இது, 20-ஆம் தேதி மறுபடி சொல்கிறேன்.

இதைக் காலை 8, மதியம் 2, இரவு 8 என மூன்று ஹேண்டோவரிலும் அதே சொற்களில் சொல்ல வேண்டும். காலை ஷிப்டுக்கு மட்டும் சொல்லிவிட்டால் நைட் டூட்டிக்கு வருபவருக்கு அது யார் வாய்வழியாகவோ, எப்படியோ மாறித்தான் போய்ச் சேரும். மூன்று நேரமும் தானே நிற்க முடியாவிட்டால் எழுதிய தாளையே வாசிக்கச் சொல்லலாம். 20-ஆம் தேதி கூட்டம் தள்ளிப்போனாலும் அன்று வந்து “தள்ளிப்போய்விட்டது” என்று சொல்ல வேண்டும். சொன்ன தேதியில் மௌனமாக இருந்துவிட்டால் அடுத்த முறை அவர் பேச்சு எடுபடாது. வதந்தியை முதலில் யார் கிளப்பியது என்ற விசாரணையும் வேண்டாம். பயந்து கேள்வி கேட்டவரைத் தண்டிப்பதில்தான் அது முடியும்.

தனிமனிதரைப் பற்றிய பேச்சு

ஒருவரின் சொந்த வாழ்க்கையைக் கிண்டிப் பேசுவது வேறு ரகம். இங்கே சார்ட் உதவாது. பேசியவரைத் தனியே அழைத்து, நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும். “நேத்து சாப்பாட்டு அறையில அவங்களையும் லேப் டெக்னீஷியனையும் சேர்த்து நீங்க பேசினதை நானே கேட்டேன். அது நிற்கணும்.” கோஷ்டி, கூட்டாளி என்ற சொற்கள் அந்த உரையாடலில் வரக்கூடாது. தவறு செய்தவர் ஒருவர், அவருடைய தோழிகள் அல்ல. யாரோ வந்து புகார் சொன்னால், “நீங்களே பார்த்தீங்களா, கேள்விப்பட்டீங்களா?” என்பது முதல் கேள்வி. கேள்விப்பட்டதை வைத்து யாரையும் கூப்பிட்டு விசாரிக்கக்கூடாது.

ஒரு விதமான பேச்சை மட்டும் ஒருபோதும் அடக்கக்கூடாது. “அந்த டாக்டர் ரூமுக்குத் தனியாப் போகாதே” என்று ஒரு செவிலியர் இன்னொருவரிடம் சொன்னால், அது தற்காப்பு. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலைசெய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள், எப்படிப் புகார் கொடுப்பது என்பதை இன்சார்ஜ் அன்றே தன் செவிலியர்களுக்குச் சொல்ல வேண்டும். பெண் ஊழியரைப் பற்றிய பாலியல் சாடைப் பேச்சும் அந்தச் சட்டத்தின் கீழ் வரக்கூடியதே. அதை “சும்மா கிண்டல்” என்று தள்ளிவிட முடியாது.

சில சமயம் நட்பு வட்டம் தெரிந்தே ஒருவரை ஒதுக்கும். ஹேண்டோவரில் அவருக்கு மட்டும் அரைகுறையாகச் சொல்வார்கள். ஆன்டிபயாட்டிக் போடும் நேரம் மாறியதை மறைத்தால் பாதிப்பு நோயாளிக்கு. முதலில், ஹேண்டோவரைப் படுக்கையருகே, எழுத்துப் பதிவோடு நடத்த வேண்டும். பிறகும் தொடர்ந்தால், எந்த நாள், எந்தப் படுக்கை, யார் சொல்லவில்லை என்று குறித்துவைத்து, அந்த நபர்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஷிப்டைப் பிரிப்பது அதற்குப் பின்தான், அதுவும் குறிப்பிட்ட அந்த இருவருக்கு இடையில் மட்டும்.

மூன்று மாதம் கழித்து இன்சார்ஜ் மறுபடி எண்ண வேண்டும். சனி, ஞாயிறு இரவுகள் ஐவருக்கும் ஒன்பது பேருக்கும் ஏறக்குறைய சமமாக விழுந்திருக்கிறதா? நோட்டில் அந்த ஐவரில் ஒருவரும் வெளியே இருக்கும் ஒருவரும் டூட்டி மாற்றிக்கொண்ட கையெழுத்துகள் இருக்கின்றனவா? முணுமுணுத்தவர்கள் இப்போது நேரே வந்து “அக்கா, இடமாற்றம் என்னாச்சு?” என்று கேட்கிறார்களா? இவற்றுக்கு ஆம் என்று விடை வந்தால், அந்த ஐந்து பேர் எந்த மேஜையில் உட்காருகிறார்கள் என்பது இனி வார்டில் யாருக்கும் ஒரு விஷயமாகவே இருக்காது.