இரண்டு இன்ச் பைப் எத்தனை கிலோ?

மொட்டை மாடியில் தகரக் கூரை போட இரும்புக் கடைக்குப் போனால், ‘ரெண்டு இன்ச், மீடியம்’ என்று பைப்பை எடுத்துப் போடுவார்கள். ஒரு பைப் 6 மீட்டர் நீளம். அது எத்தனை கிலோ இருக்க வேண்டும் என்பதைத் தராசில் ஏற்றும் முன்பே கணக்குப் போட்டுவிடலாம். வெளிவிட்டம், சுவரின் கனம், நீளம் ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும்.

இந்தப் பைப்புகள் பெரும்பாலும் எஃகுப் பட்டையை உருட்டி, ஓரங்களைப் பற்றவைத்துச் செய்யப்படுபவை. அதைத் திரும்ப விரித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். பட்டையின் அகலம் வெளிச்சுற்றளவும் அல்ல, உட்சுற்றளவும் அல்ல. சுவரின் நட்டநடுவில் ஓடும் சுற்றளவு. அந்த நடுவட்டத்தின் விட்டம் வேண்டுமானால், வெளிவிட்டத்திலிருந்து கனத்தை ஒரே ஒருமுறை கழிக்க வேண்டும். பலரும் இருமுறை கழித்துவிடுகிறார்கள். அப்போது கிடைப்பது உள்விட்டம், எடையும் குறைத்து வரும். எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7850 கிலோ. அதையும் பையையும் சேர்த்து, மில்லிமீட்டர் அளவுகளுக்கு ஏற்பச் சுருக்கினால் இப்படி வரும்:

```
மீட்டருக்குக் கிலோ = (வெளிவிட்டம் - கனம்) × கனம் × 0.02466
```

இது தோராயக் கணக்கு அல்ல. வெளிவட்டப் பரப்பில் உள்வட்டப் பரப்பைக் கழித்துப் பார்த்தாலும் இதே விடைதான்.

இங்கே ஒரு பள்ளம் உண்டு. ‘ரெண்டு இன்ச்’ என்பது பைப்பின் வெளிவிட்டம் அல்ல, துளையின் அளவை ஒட்டிய பெயர். வெளிவிட்டம் 60.3 மி.மீ. இன்ச்சை அப்படியே 50.8 என்று போட்டால் ஒரு பைப்புக்கு 5 கிலோ குறைந்துபோகும். மீடியம் ரகத்தின் கனம் 3.6 மி.மீ. 60.3-இல் 3.6 போக 56.7, அதை 3.6-ஆலும் 0.02466-ஆலும் பெருக்கினால் மீட்டருக்கு 5.03 கிலோ. 6 மீட்டருக்கு 30.2 கிலோ.

கடைத் தராசு 27 கிலோ காட்டுகிறது என்று வையுங்கள். இப்போது கணக்கைப் பின்னாலிருந்து போடலாம். மீட்டருக்கு 4.5 கிலோ; 0.02466-ஆல் வகுத்தால் சுமார் 182.5. கனத்துக்கு 3.2 போட்டுப் பார்த்தால் 57.1 × 3.2 = 182.7. பைப்பின் சுவர் சராசரியாக 3.2 மி.மீ.தான். ஐ.எஸ். 1239 தரவிதி மீடியம் ரகத்தில் தனி ஒரு பைப்புக்கு எடையில் 10 சதவீதம் ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கிறது. இது அந்த வரம்புக்கும் கீழே.

கிலோ விலைக்கு வாங்கினால் பணம் நஷ்டமில்லை, ஆனால் கூரையைத் தாங்கும் சுவர் மெலிந்துவிட்டது. மீட்டர் விலைக்கு வாங்கினால் இரண்டும் நஷ்டம். வெட்டுமுனையில் மட்டும் வெர்னியர் வைத்து அளந்து திருப்திப்பட வேண்டாம். அங்கே பிசிறு நிற்பதால் கனம் கூடுதலாகக் காட்டும். பிசிறை அரத்தால் தேய்த்துவிட்டு, பற்றவைத்த கோட்டைத் தவிர்த்து, சுற்றிலும் நாலைந்து இடத்தில் அளக்க வேண்டும். எடையோ முழுப் பைப்பின் சராசரிக் கனத்தையும் ஒரே தடவையில் சொல்லிவிடுகிறது. ஜி.ஐ. பைப்பாக இருந்தால் துத்தநாகப் பூச்சின் எடையும் கொஞ்சம் சேர்ந்திருக்கும் என்பதை மட்டும் கழித்துப் பாருங்கள்.