வரி ஏய்ப்பும் வரி தவிர்ப்பும்

வரி ஏய்ப்பு என்பது செலுத்த வேண்டிய வரியை, உண்மையை மறைத்தோ பொய்க் கணக்குக் காட்டியோ செலுத்தாமல் விடும் குற்றம் ஆகும். வரி தவிர்ப்பு என்பது சட்டத்தின் சொற்களுக்கு உட்பட்டு, வரி குறையும்படி வருமானத்தையும் சொத்தையும் அமைத்துக் கொள்வது ஆகும். முதலாவதில் எழுந்துவிட்ட வரிப்பொறுப்பு மறைக்கப்படுகிறது. இரண்டாவதில் அப்பொறுப்பு எழாதவாறு முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்படுகிறது.

எடுத்துக்காட்டு

இந்தியாவில் ஒருவர் வங்கியில் வைத்துள்ள வைப்புத்தொகையின் வட்டிக்கு வரி செலுத்துவதாகக் கொள்வோம். வட்டியைத் தம் கணக்கில் காட்டாமல் விட்டால் அது ஏய்ப்பு. வருமானம் இல்லாத, 18 வயது நிறைந்த மகனுக்கு அத்தொகையை உண்மையாகவே கொடையாக அளித்தால், வட்டி மகனின் வருமானமாகும். குடும்பத்தின் வரி குறையும். இது சட்டத்திற்கு உட்பட்டது. அதே தொகையை மனைவிக்குக் கொடையாக அளித்தால் பயனில்லை. இவ்வழியை அடைப்பதற்காகவே, அந்த வட்டியைக் கணவரின் வருமானத்துடன் சேர்க்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது.

மகன் பெயரில் பத்திரம் மட்டும் எழுதிவிட்டு, பணத்தையும் வட்டியையும் தந்தையே தொடர்ந்து ஆண்டால் அக்கொடை போலியானது. அப்போது அது ஏய்ப்பாகிவிடும். எனவே, ஆவணம் சொல்வது உண்மையில் நடந்ததா என்பதே இரண்டையும் பிரித்தறியும் முதன்மையான கேள்வி.

வோடபோன் வழக்கு

2007 இல் வோடபோன் நிறுவனம், இந்தியத் தொலைபேசி நிறுவனம் ஒன்றின் பெரும்பங்கைச் சுமார் 1,100 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. ஆனால் நேரடியாகக் கைமாறியது கேமன் தீவுகளில் பதிவான ஒரு நிறுவனத்தின் பங்கே ஆகும். விற்றவர், வாங்கியவர் இருவரும் வெளிநாட்டினர். இதில் எதுவும் மறைக்கப்படவில்லை. அன்றைய சட்டப்படி இதற்கு இந்திய வரி இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2012 சனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் முன்தேதியிட்டுச் சட்டத்தைத் திருத்தியது. பன்னாட்டு நடுவர் மன்றம் 2020 இல் வோடபோனுக்குச் சார்பாக முடிவு கூறியது. 2012 மே மாதத்திற்கு முந்தைய பரிமாற்றங்களுக்கான வரிக்கோரிக்கைகளைக் கைவிட 2021 இல் சட்டம் இயற்றப்பட்டது.

வேறுபாட்டின் விளைவு

ஏய்ப்புக்குத் தண்டத்துடன் சிறையும் உண்டு. 1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், 25 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ஏய்ப்புக்கு ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதித்திருந்தது. தவிர்ப்பு குற்றமன்று. அதைத் தடுக்க அரசு சட்டத்தின் ஓட்டையை அடைக்க வேண்டும். 2017 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பொதுத் தவிர்ப்புத் தடுப்பு விதிகளின்படி, வரிப் பயனையே முதன்மை நோக்கமாகக் கொண்டு, வணிக உள்ளடக்கம் இல்லாமல் செய்யப்படும் ஏற்பாடுகளை வரித்துறை புறக்கணித்து வரி விதிக்கலாம். இதனால் தவிர்ப்பிலும் ஏற்கத்தக்கது, ஏற்கத்தகாதது என்ற பிரிவு உண்டாயிற்று.