பத்திரப்பதிவு நாளில் பணம்

பத்திரப்பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு 12 லட்சத்தை நெஃப்ட்டில் அனுப்புவது வம்பு. அது பேருந்து மாதிரி, அரை மணிக்கொருமுறை தொகுப்பாகத்தான் கிளம்பும். பிறகு வரவு வைக்க வங்கிக்கு இரண்டு மணி நேரம் வரை அவகாசம் உண்டு. அதுவரை விற்பவர் கையெழுத்துப் போடுவாரா? ஐஎம்பிஎஸ் நொடியில் போகும், ஆனால் 5 லட்சத்தோடு நின்றுவிடும். இங்கே ஆர்டிஜிஎஸ்தான் சரி: 2 லட்சம் முதல், ஒவ்வொரு தொகையாக அப்போதே தீர்க்கும்.

காசோலையும் 2025 அக்டோபர் முதல் அன்றே தீர்வாகிறது. காலையில் போட்டால் மாலைக்குள் விடை தெரியும், முன்பணத்துக்குப் போதும். மாத வாடகைக்கு நெஃப்ட் தாராளம்.

எதில் அனுப்பினாலும் கணக்கு எண்ணை வைத்தே பணம் போகும். திரையில் வரும் பெயரைப் படித்துவிட்டு அழுத்துங்கள்.