கனவுத் தூக்கம்: குறைவதும் மீள்வதும்

உறக்கத்தில் ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை கனவுத் தூக்கம் வருகிறது. அப்போது மூடிய இமைகளுக்குள் கண்கள் வேகமாக அசையும். முன்னிரவில் இது சில நிமிடங்களே நீடிக்கும். விடியலை நெருங்க நெருங்க நீளும். ஆகவே, இரவு 11 மணிக்குப் படுத்து, 6 மணிக்குப் பதில் 4 மணிக்கே எழுபவர் இழப்பது இரண்டு மணி நேர உறக்கம் என்றாலும், அதில் கனவுத் தூக்கத்தின் பங்கு மிகுதி.

படுக்கும் முன் அருந்தும் மது, முன்னிரவில் கனவுத் தூக்கத்தை அடக்குகிறது. சில மணி நேரத்தில் அதன் அளவு உடலில் குறைந்ததும், பின்னிரவில் கனவுகள் மிகுந்து உறக்கம் கலைகிறது. மனச்சோர்வுக்கு அளிக்கப்படும் அமிட்ரிப்டிலின், பராக்செட்டின் போன்ற மருந்துகளும் கனவுத் தூக்கத்தைக் குறைக்கின்றன. இதற்காக அவற்றைத் தாங்களாகவே நிறுத்த வேண்டாம்.

மதுவையோ இம்மருந்துகளையோ திடீரென நிறுத்தினால், அடக்கப்பட்டிருந்த கனவுத் தூக்கம் வழக்கத்தைவிட விரைவாகவும் நீண்டும் வருகிறது. இதுவே மீள்பெருக்கம். அச்சமூட்டும் கனவுகள் தோன்றலாம். இவை பெரும்பாலும் நாளடைவில் தணியும். 'குடித்தால்தான் உறக்கம் வருகிறது' என்று எண்ணி மீண்டும் அருந்தினால், இதே சுழற்சி தொடரும்.

நாள்தோறும் மிகுதியாக மது அருந்துபவர், மருத்துவரின் மேற்பார்வையிலேயே அதை நிறுத்த வேண்டும். விழித்திருக்கும்போதே இல்லாதவற்றைக் காணுதல், குழப்பம், கடும் நடுக்கம், வலிப்பு ஆகியவை கனவின் விளைவுகள் அல்ல. அந்நிலையில் அவரை உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.