யாருக்கும் சொந்தமில்லாத ஐந்தாவது மோட்டார்

டிரான்ஸ்பார்மரிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, எல்.டி. லைனின் கடைசியில் நான்கு கிணறுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 5 ஹெச்.பி. மோட்டார். நம் கிராமங்களில் சர்வசாதாரணமாகக் காணும் அமைப்புதான். நான்கும் ஒரே நேரத்தில் ஓடினால் ஒவ்வொரு பேஸிலும் ஏறத்தாழ 30 ஆம்பியர் போகும். வழி நெடுகப் பழைய 'ஸ்குவிரல்' ரகக் கம்பி. அதன் மின்தடை கிலோமீட்டருக்குச் சுமார் 1.4 ஓம்.

கம்பியில் சூடாக வீணாகும் மின்சாரம், மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆம்பியர் இரண்டு மடங்கானால் இழப்பு நான்கு மடங்கு. நம் லைனில் 30-ஐ 30-ஆல் பெருக்கி, 1.4-ஆல் பெருக்கி, மூன்று பேஸுக்கும் சேர்த்தால் 3,780 வாட் வருகிறது. 5 ஹெச்.பி. என்பதே 3,730 வாட்தான். யாருடைய கிணற்றிலும் இல்லாத ஐந்தாவது மோட்டார் ஒன்று, சொட்டுத் தண்ணீர் இறைக்காமல் அந்த லைனில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கிணற்றடியில் அது வேறு விதமாகத் தெரியும். 240 வோல்ட்டில் கிளம்பிய மின்சாரம் கடைசிக் கம்பத்தில் 200 வோல்ட்டாக வந்து சேரும். வோல்டேஜ் குறைந்தால் அதே வேலைக்கு மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், லைனில் இழப்பு இன்னும் ஏறும், காயில் எரியும். ரீவைண்டிங் செலவு விவசாயியின் தலையில்.

இதற்குச் சிறந்த மருந்து எல்.டி. லைனையே குறுக்குவது. 11,000 வோல்ட் லைனைக் கிணறுகள் வரை நீட்டி, அங்கேயே 25 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்றை வைப்பதை ஹெச்.வி.டி.எஸ். முறை என்பார்கள். அதே சக்தியைக் கொண்டுபோக 11,000 வோல்ட்டில் 1.2 ஆம்பியர் போதும். அதே ஸ்குவிரல் கம்பியில், அதே ஒரு கிலோமீட்டரில், இழப்பு 6 வாட்டாகச் சுருங்கிவிடும். ஆனால் மோட்டார் ஓடாத நேரத்திலும் அந்தச் சின்ன டிரான்ஸ்பார்மர் சுமார் 100 வாட் தின்னும், நாளைக்கு 2.4 யூனிட். மோட்டார்கள் தினம் ஆறு மணி நேரம் ஓடினால் பழைய லைனில் போனது கிட்டத்தட்ட 23 யூனிட் என்பதால் இங்கே லாபம் தெளிவு. நாலைந்து வீட்டு விளக்குக்காக இதைச் செய்வது வீண்.

அதற்குப் பணம் ஒதுக்க முடியாத இடத்தில் கம்பியை மாற்றலாம். 'வீசல்' போட்டால் நம் இழப்பு 2.5 கிலோவாட்டாகும், 'ராபிட்' போட்டால் 1.5. ராபிட் ஸ்குவிரலைவிட இரண்டரை மடங்கு எடை என்பதால் பழைய கம்பங்கள் தாங்குமா என்று பார்த்தாக வேண்டும். இதில் பலரும் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. புகார் கடைசிக் கம்பத்திலிருந்து வருவதால் அங்கேதான் கம்பியை மாற்றத் தோன்றும். ஆனால் இணைப்புகள் வழியெங்கும் சீராகப் பரவிய லைனில், டிரான்ஸ்பார்மரை ஒட்டிய முதல் மூன்றில் ஒரு பங்கிலேயே 70 சதவீத இழப்பு நடந்துவிடுகிறது; எல்லோருடைய மின்னோட்டமும் அந்த வழியாகத்தானே போகிறது! குறைந்த கம்பிதான் கையில் இருக்கிறது என்றால் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

ஊருக்குள் போகும் லைனில் பிரச்சினை வேறு. மோட்டார்கள் மூன்று பேஸையும் சமமாக எடுக்கும், வீடுகள் எடுக்காது. ஒரு பேஸில் 40, அடுத்ததில் 15, மூன்றாவதில் 5 ஆம்பியர் என்றால் நியூட்ரலில் ஏறத்தாழ 31 ஆம்பியர் திரும்பி ஓடும். இதே 60 ஆம்பியரை 20, 20, 20 என்று பிரித்தால் நியூட்ரல் ஏறக்குறைய காலியாகிவிடும். நான்கு கம்பிகளும் ஒரே கனமாக இருந்தால் மொத்த இழப்பு பாதிக்கும் கீழே இறங்கும். புதுக் கம்பியும் வேண்டாம், டிரான்ஸ்பார்மரும் வேண்டாம். சில வீடுகளின் சர்வீஸ் ஒயரை வேறு பேஸுக்கு மாற்றும் வேலை மட்டுமே.

அதையும் பார்த்துச் செய்ய வேண்டும். டிரான்ஸ்பார்மரடியில் கணக்குச் சரியாக இருந்து, ஒரு பேஸின் வீடுகளெல்லாம் லைனின் கடைசியில் குவிந்திருந்தால் வழியில் நியூட்ரல் சுமந்துகொண்டுதான் இருக்கும். தெருத் தெருவாகச் சமன் செய்வதே முறை. மாற்றுவது சிங்கிள் பேஸ் ஒயர்களாக மட்டும் இருக்க வேண்டும். லைனின் ஜம்பரில் இரண்டு பேஸை இடம் மாற்றினால் அதற்கப்பால் உள்ள மோட்டார்களெல்லாம் எதிர்த்திசையில் சுற்றும்.

உங்கள் தெருவில் மாலை ஏழு மணிக்கு விளக்கு மங்கினால் கம்பத்தை நீங்கள் தொட வேண்டாம். அந்த நேரத்தில் டாங் டெஸ்டர் வைத்து மூன்று பேஸோடு நியூட்ரலையும் அளக்கச் சொல்லி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். டிரான்ஸ்பார்மரிலிருந்து உங்கள் கம்பம் எத்தனையாவது என்பதையும் மனுவில் மறக்காமல் குறிப்பிடுங்கள்.