நியூயார்க்கில் நள்ளிரவு என்றால் நமக்கு எத்தனை மணி வரை?

அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கு முன்கூட்டியே விண்ணப்பிப்பவர்களுக்குப் பல கல்லூரிகள் வைக்கும் கெடு நவம்பர் 1. கல்லூரி நியூயார்க்கிலோ பாஸ்டனிலோ இருந்தால், தேதிக்குப் பக்கத்தில் பெரும்பாலும் 11:59 p.m. Eastern Time என்று ஒரு வரி இருக்கும். அந்த நேரம் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ எப்போது வருகிறது என்று கேட்டால், எந்த ஆண்டு என்று திருப்பிக் கேட்காமல் விடை சொல்ல முடியாது. 2025இல் அது நவம்பர் 2 காலை 9.29. 2026இல் நவம்பர் 2 காலை 10.29. கல்லூரியும் தேதியும் ஒன்றுதான், நேரம் மட்டும் ஒரு மணி தள்ளிப் போகிறது.

காரணத்துக்குப் போகுமுன் அடிப்படைக் கணக்கைப் பார்த்துவிடலாம். உலக நேரங்கள் எல்லாவற்றுக்கும் UTC என்ற பொது நேரமே அளவுகோல். இந்தியாவும் இலங்கையும் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகின்றன. குளிர்காலத்தில் நியூயார்க் அதைவிட ஐந்து மணி நேரம் பின்னால் இருக்கிறது. ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் என்பதால் இரண்டையும் கூட்ட வேண்டும். பத்தரை மணி நேர வித்தியாசம் வருகிறது.

நள்ளிரவுக் கெடுவில் ஒரு வசதி உண்டு. இந்த வித்தியாசமே நேரடியாக விடையாகிவிடும். அங்கே நள்ளிரவு பன்னிரண்டு அடிக்கும்போது இங்கே மறுநாள் பிறந்து பத்தரை மணி நேரம் ஆகியிருக்கும், அதாவது காலை 10.30. கெடு 11:59 என்று போட்டிருந்தால் ஒரு நிமிடம் குறைத்து 10.29. சிகாகோவுக்கு வித்தியாசம் பதினொன்றரை, எனவே காலை 11.30. கலிஃபோர்னியாவுக்குப் பதிமூன்றரை, எனவே பிற்பகல் 1.30. மேற்கே போகப் போக நமக்குக் கூடுதல் நேரம் கிடைக்கிறது.

கிழக்கே இருக்கும் ஊர்களுக்கு இது தலைகீழ். மெல்பர்னில் கோடைக்காலத்தில், அதாவது நமது டிசம்பர், ஜனவரியில், நேரம் UTCயைவிடப் பதினொரு மணி முன்னால் ஓடுகிறது. இருவருமே முன்னால் இருப்பதால் கழிக்க வேண்டும். மீதி ஐந்தரை. அவர்களுக்கு நள்ளிரவு ஆகும்போது நமக்கு அதே நாள் மாலை 6.30தான். அமெரிக்கக் கெடுக்களுக்குப் பழகியவர்கள் மறுநாள் காலை வரை அவகாசம் இருக்கிறது என்ற நினைப்பிலேயே ஆஸ்திரேலிய விண்ணப்பத்தையும் திறந்தால், அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே கதவு சாத்தப்பட்டிருக்கும்.

இனி நவம்பர் 1க்கு வருவோம். அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுகிறார்கள். நவம்பரின் முதல் ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு அதை மறுபடி பின்னே இழுக்கிறார்கள். 2007 முதல் இந்தத் தேதிகள்தான் நடைமுறை. இடைப்பட்ட கோடை நேரத்தில் நியூயார்க்குக்கும் நமக்கும் வித்தியாசம் ஒன்பதரைதான். 2025இல் நவம்பர் 1 சனிக்கிழமை. அன்றிரவு 11.59க்குக் கோடை நேரம் இன்னும் முடியவில்லை, எனவே நமக்கு 9.29. 2026இல் நவம்பர் 1 ஞாயிறாகவே வருகிறது. அன்று அதிகாலையிலேயே கடிகாரம் மாறிவிடுவதால், அன்றிரவு 11.59 குளிர்கால நேரத்தில் விழுகிறது, எனவே 10.29. போன வருடம் விண்ணப்பித்த அக்காவிடமோ அண்ணனிடமோ கேட்டு எழுதிக்கொண்ட நேரம் இந்த வருடத்துக்குச் சரிவராமல் போவது இப்படித்தான்.

நவம்பர் மாற்றத்தால் நமக்கு ஒரு மணி நேரம் கூடுகிறது. ஆபத்து மார்ச் மாதத்தில். முதுநிலைப் படிப்புக்கு 2026 மார்ச் 15 நள்ளிரவு கெடு என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாணவி பிப்ரவரியில் கணக்குப் பார்க்கிறாள். கைப்பேசியின் உலகக் கடிகாரம் பத்தரை மணி நேர வித்தியாசம் காட்டுகிறது. நியூஜெர்சியில் இருக்கும் மாமாவும் அதையே சொல்கிறார். இருவரும் சொன்னது அன்றைக்குச் சரி. மார்ச் 16 திங்கள் காலை 10.29 என்று நாட்காட்டியில் எழுதிவைக்கிறாள். இடையில் மார்ச் 8 ஞாயிறு அதிகாலை அங்கே கடிகாரம் ஒரு மணி முன்னே போய்விட்டது. நம் ஊரில் கடிகாரம் மாறும் வழக்கமே இல்லாததால் இது யார் கண்ணிலும் படுவதில்லை. கெடு உண்மையில் முடிவது காலை 9.29. பத்து மணிக்கு நிதானமாகக் கட்டணம் செலுத்த உட்கார்ந்தால் அரை மணி நேரம் தாமதம்.

ஆகவே பார்க்க வேண்டியது இன்றைய வித்தியாசத்தை அல்ல, கெடு நாளின் வித்தியாசத்தை. உலகக் கடிகாரம் இன்றையதை மட்டுமே காட்டும், அதை நம்பி எதிர்கால நேரத்தைக் கணக்கிடக் கூடாது. தேதியையும் கொடுக்கக்கூடிய நேரமாற்றித் தளம் எதுவானாலும் சரி. அதில் நியூயார்க் என்று ஊர்ப் பெயரைக் கொடுங்கள், EST என்று கொடுக்காதீர்கள். EST என்பது குளிர்கால நேரத்தின் பெயர், கோடை நேரத்துக்குப் பெயர் EDT. கோடையிலும் EST என்று தட்டினால் சில தளங்கள் சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பிந்திய விடையைத் தரும். ஊர்ப் பெயர் கொடுத்தால் அந்தத் தேதியில் அந்த ஊர்க் கடிகாரம் என்ன காட்டும் என்பதை அது பார்த்துக்கொள்ளும். CST என்ற சுருக்கம் இன்னும் மோசம், சிகாகோ நேரத்துக்கும் சீன நேரத்துக்கும் அதுவே பெயர்.

சிக்கல் என்னவென்றால், கல்லூரிகளே இதைத் தவறாக எழுதுவதுண்டு. அக்டோபர் 15 கெடுவுக்கு 11:59 p.m. EST என்று போட்டிருப்பார்கள். அக்டோபரில் நியூயார்க்கில் யாரும் EST நேரத்தில் இருப்பதில்லை. எழுத்துப்படி பார்த்தால் நமக்குக் காலை 10.29, அந்த ஊர்க் கடிகாரப்படி 9.29. எழுதியவர் பழக்க தோஷத்தில் எழுதியிருப்பார் என்றே எடுத்துக்கொண்டு, முந்தைய நேரத்தைக் கெடுவாக வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. அமெரிக்காவுக்குள்ளேயே விதிவிலக்கும் இருக்கிறது. அரிசோனா மாநிலத்தின் பெரும்பகுதி கடிகாரத்தை மாற்றுவதே இல்லை. அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு ஆண்டு முழுவதும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம்தான். இந்த விஷயத்தில் அவர்கள் நம்மைப் போல.

நள்ளிரவு என்ற சொல்லிலும் ஒரு கண்ணி இருக்கிறது. டிசம்பர் 15 நள்ளிரவு என்றால் 15 தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா? நாம் பேச்சில் 15ஆம் தேதி ராத்திரி பன்னிரண்டு மணி என்றால் 15 முடியும் இரவைத்தான் சொல்கிறோம். ஆனால் 12:00 a.m., December 15 என்று திரையில் இருந்தால், கணினிக்கு அது 14 முடிந்து 15 பிறக்கும் நொடி. 15 முடியும் நள்ளிரவு என்றால் நமக்கு 16 காலை 10.30, 15 தொடங்கும் நள்ளிரவு என்றால் 15 காலை 10.30. ஒரு முழு நாள் வித்தியாசம். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் விவரம் தெரிந்த கல்லூரிகள் 11:59 p.m. என்று எழுதுகின்றன. 12:00 a.m. என்று கண்டால் ஒரு நாள் முன்னதாகவே முடித்துவிட வேண்டும். அந்த 11:59இன் கடைசி அறுபது நொடிகள் நம் கணக்கில் சேருமா என்பது ஒவ்வொரு தளத்தின் அமைப்பைப் பொறுத்தது, அதைச் சோதித்துப் பார்க்காமல் இருப்பதே நல்லது.

எல்லாக் கெடுவும் நள்ளிரவில் முடிவதும் இல்லை, கல்லூரி ஊரின் நேரத்தில் ஓடுவதும் இல்லை. பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பமான யூகாஸில் கெடு மாலை 6 மணி, பிரிட்டன் நேரம். ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜுக்கு அக்டோபர் 15 அன்று கெடு வந்தால் நமக்கு அன்றிரவு 10.30. பிற படிப்புகள் பலவற்றுக்கும் ஜனவரியில் கெடு வரும்போது அங்கே கோடை நேரம் முடிந்திருக்கும், நமக்கு இரவு 11.30. அமெரிக்கக் கல்லூரிகள் பல பயன்படுத்தும் காமன் ஆப் தளத்திலோ, வேறு விதமாகச் சொல்லாதவரை, கெடு விண்ணப்பிப்பவரின் உள்ளூர் நேரப்படி இரவு 11.59. நியூயார்க் கணக்கில் மறுநாள் காலை வரை இருக்கிறது என்று அங்கே காத்திருந்தால் பத்தரை மணி நேரம் தாமதம். ஆகவே எந்த ஊர் நேரம் என்பதைத்தான் முதலில் தேட வேண்டும், கூட்டல் கழித்தல் எல்லாம் அதற்குப் பிறகு.

கணக்கு முடிந்ததும் விடையை எங்கே எழுதிவைப்பது என்பதையும் சொல்லிவிடலாம். கைப்பேசி நாட்காட்டியில் ஒரு நிகழ்வைச் சேர்க்கும்போது நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. அதில் நியூயார்க்கைத் தேர்ந்தெடுத்து, கல்லூரி சொன்ன 11.59ஐ அப்படியே பதியுங்கள். நாட்காட்டியே அந்த நாளுக்குரிய நம் நேரத்தைக் காட்டும், மார்ச் மாற்றத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். கையால் போட்ட கணக்கும் நாட்காட்டி காட்டுவதும் ஒத்துப்போகாவிட்டால், பெரும்பாலும் நாம் எங்கேயோ கோடை நேரத்தை மறந்திருப்போம்.

கட்டணத்தைக் கடைசி மணி நேரத்துக்கு வைக்காதீர்கள். பணம் செலுத்தினால்தான் விண்ணப்பம் சமர்ப்பிக்கப்பட்டதாகச் சில தளங்கள் எடுத்துக்கொள்கின்றன. நம் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதி அணைத்து வைக்கப்பட்டிருந்தால், அதைச் சரிசெய்வதற்குள் கெடு முடிந்துவிடும்.

சந்தேகம் தீராவிட்டால் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்பதே முறை. கேள்வியை நம் தேதி, நேரத்தோடு எழுதுங்கள்: இந்திய நேரப்படி நவம்பர் 2 காலை 10.29 வரை ஏற்பீர்களா என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை என்று தெளிவான பதில் வரும். அதையும் நேரம் பார்த்து அனுப்ப வேண்டும். 2026 நவம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை என்பதால், கெடுவுக்கு முன் அலுவலகம் இயங்கும் கடைசி நாள் அக்டோபர் 30 வெள்ளி. நியூயார்க்கில் காலை 9 முதல் மாலை 5 வரை என்பது அன்று நமக்கு மாலை 6.30 முதல் சனிக்கிழமை அதிகாலை 2.30 வரை.